குறியீடு 92

ஒருவர் வேலை செய்கிறாரா இல்லையா என்று முடிவு செய்ய இந்திய அரசு இரண்டு இலக்க எண்களை வைத்திருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வுக் கேள்வித்தாளில் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே ஓர் எண் விழும். சொந்தத் தொழில் என்றால் 11. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கூடமாட உதவுகிறவர் 21. மாதச் சம்பளம் 31, தினக்கூலி 51. வேலை தேடுபவர் 81, படிப்பவர் 91. அதற்கு அடுத்தது 92, வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர். வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, கீரை பறிப்பது, மாட்டுக்குத் தீவனம் சேர்ப்பது, வீட்டுக்காகத் தைப்பது நெய்வது எல்லாம் செய்தால் 93. இந்த 92, 93 இரண்டும் உழைப்பாளர் கணக்குக்கு வெளியே நிற்கும் எண்கள். அந்த எண் விழுந்தவர் நாட்டின் புள்ளிவிவரத்தில் வேலை செய்யாதவர்.

பெண்ணிய நிலைப்பாட்டுக் கோட்பாடு பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளாகவே சில நண்பர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சமூகத்தில் எந்த இடத்தில் நிற்கிறாரோ அதைப் பொறுத்து அவருக்குத் தெரியக்கூடியதும் மாறும், சில உண்மைகள் மேலே இருப்பவர்களைவிடக் கீழே இருப்பவர்களுக்கு எளிதாக எட்டும் என்பது அதன் சாரம். இதைப் பொதுவாகப் பேசினால் ஐந்தாவது நிமிடம், "அப்போ பொம்பள சொன்னா எல்லாம் சரியா?" என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. அதனால் இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகலாம் என்று நினைக்கிறேன்.

சில வருடங்கள் நானும் ஆய்வுக் குழுக்களோடு கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவள். மானாவாரிக் காடுகள் சூழ்ந்த ஓர் ஊரில் ஒரு வீடு. வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னார். அவருக்கு 11. மகனுக்கு 91. மனைவியைப் பற்றிக் கேட்டபோது, "அவ வீட்லதாம்மா இருக்கா, சும்மாதான்" என்றார். நல்ல மனிதர்; எதையும் மறைக்கிற எண்ணம் அவருக்கு இல்லை. அவர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மா கொல்லைப்புறத்தில் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் திண்ணை வரை கேட்டது.

அவரோடு தனியாக உட்கார்ந்து முந்தைய நாளைப் பற்றிப் பேசியபோது வந்த விவரம் இது. விடியுமுன் எழுந்து சாணி அள்ளி, கொட்டகை கூட்டி, இரண்டு கறவை மாடுகளையும் கறந்து, பாலைக் கேனில் ஊற்றி வைத்திருக்கிறார். கணவர் அதை சைக்கிளில் பால் சொசைட்டிக்கு எடுத்துப் போனார். பிறகு சமையல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, மாமியாருக்குக் கஞ்சி. பத்து மணிக்குச் சொந்தக் கடலைக் காட்டில் களை வெட்டு. திரும்பும்போது தலையில் ஒரு கட்டு சீமைக்கருவேல விறகு. மதியத்துக்கு மேல் தட்டை நறுக்கி, புண்ணாக்கு ஊறவைத்து, மாடுகளுக்குத் தண்ணி காட்டி, சாயங்காலம் மறுபடி கறவை. ராத்திரிச் சமையல். சொசைட்டி அட்டை கணவர் பெயரில் இருந்தது. பால் காசு அவர் கைக்கு வந்தது. ஆக, அந்த வீட்டில் பால் தொழில் பார்ப்பவர் கணவர்.

இப்போது கேள்வித்தாளின் விதிப்படியே பார்ப்போம். கடந்த 365 நாளில் ஒருவருடைய காலம் பெரும்பாலும் எதில் கழிந்ததோ அதுதான் அவருடைய முதன்மை நிலை. முதன்மை நிலை வீட்டு வேலை என்று பதிந்தாலும் கதை அங்கே முடிந்துவிடாது. அந்த வருடத்தில் 30 நாளாவது வருமானத்துக்கான வேறு வேலை பார்த்தாரா என்று அடுத்த கேள்வி இருக்கிறது. ஆம் என்றால் துணை நிலையில் அவர் உழைப்பாளர் ஆகிவிடுவார். விற்பனைக்காகப் பால் கறப்பதும் சொந்தக் காட்டில் களை வெட்டுவதும் விதிப்படி ஐயமே இல்லாமல் வேலைதான். அந்த அம்மாவுக்குக் குறைந்தபட்சம் 21 விழ வேண்டும். அரசின் வரையறை அவரை வெளியே தள்ளவில்லை. திண்ணையில் வந்த "சும்மாதான்" தள்ளியது. அந்தப் பதிலைக் கேட்டதும் 92 என்று எழுதிவிட்டு, அடுத்த கேள்வியை வாய்க்குள்ளேயே கேட்டுக் கடந்துபோகிற கை தள்ளியது. நாற்பது வீடு முடிக்க வேண்டிய களப்பணியாளருக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முதலில் கழன்று விழும்.

விறகு இன்னொரு கதை. ஐக்கிய நாடுகள் 1993-இல் திருத்திய தேசியக் கணக்கு முறையின்படி விறகு சேகரிப்பதும் தண்ணீர் சுமப்பதும் உற்பத்தி. நம் ஊர்க் குறியீட்டில் அது 93. அதாவது வேலையல்ல. உலகக் கணக்கில் உற்பத்தியாக இருப்பது உள்ளூர்க் கணக்கில் ஓய்வுக்கும் உழைப்புக்கும் நடுவே பெயரில்லாமல் கிடக்கிறது.

இந்த இடத்தில் டோரதி ஸ்மித்தைக் கூப்பிட வேண்டும். இங்கிலாந்தில் 1926-இல் பிறந்தவர், அமெரிக்காவின் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர், பிறகு கனடாவில் வான்கூவரிலும் டொரண்டோவிலும் சமூகவியல் கற்பித்தவர். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். 1974-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் இந்தச் சிந்தனையின் ஒரு பெரிய கிளை தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தில் அவர் நாள் முழுக்கக் கருத்துகளிலும் காகிதங்களிலும் வாழ்ந்தார். வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் பசி, துணி, காய்ச்சல். இரண்டு உலகத்துக்கும் நடுவே தினமும் போய்வந்த அவருக்கு ஒன்று தெரிந்தது. சக ஆண் பேராசிரியர்கள் கருத்துலகத்திலேயே தடையில்லாமல் இருக்க முடிகிறது என்றால், அவர்களுடைய சாப்பாட்டையும் துணியையும் தட்டச்சையும் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அந்த யாரோ தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவுக்கு அது கண்ணிலிருந்து மறையும். நேரத்துக்குச் சாப்பாடு வந்தால் சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

இந்த வாதம் பெண்ணின் மூளை வேறு என்று சொல்லவில்லை. ஸ்மித் பேசுவது வேலைப் பிரிவினையை. ஒரு வேலையைத் தினமும் கையால் செய்கிறவருக்கு அது இருப்பது தெரியும். அதன் பலனை மட்டும் அனுபவிப்பவருக்கு அது இருப்பதே தெரியாமல் போகலாம். தெரியாமல் போவதற்கு அவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை, சோம்பேறியாக இருக்கத் தேவையில்லை. திண்ணையில் இருந்தவர் பொய் சொல்லவில்லை என்று நான் சொன்னது இதனால்தான். 1983-இல் அரசியல் கோட்பாட்டாளர் நான்சி ஹார்ட்சாக் இதே எண்ணத்தை மார்க்சிய மரபிலிருந்து எடுத்து வளர்த்தார். தொழிற்சாலையை முதலாளியின் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாதது தொழிலாளியின் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் என்று மார்க்சியச் சிந்தனையாளர் லூக்காச் 1923-இலேயே எழுதியிருந்தார். ஹார்ட்சாக் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

ஸ்மித் இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் அவருடைய மிகப் பெரிய கொடையாகத் தெரிகிறது. அதிகாரம் பெரும்பாலும் படிவங்களின் வழியாக நடக்கிறது. ஒருவருடைய நாள் ஒரு கட்டத்துக்குள் அடைக்கப்பட்டு, அந்தக் கட்டம் ஒரு அட்டவணையாகி, அட்டவணை ஒரு கொள்கையாகிறது. ஆகவே ஆய்வை அந்த அட்டவணையிலிருந்து தொடங்காதே, அந்த நாளிலிருந்து தொடங்கு, நாள் எந்த இடத்தில் எண்ணாக மாறுகிறது என்று பின்தொடர்ந்து போ என்றார். கொல்லைப்புறத்துத் தட்டை நறுக்கும் சத்தத்திலிருந்து 92 வரை நாம் நடந்து வந்தது அந்த வழிதான்.

இப்போது கடினமான பகுதி. அந்த அம்மாவிடமே முதலில், "நீங்க ஏதும் வேலை செய்றீங்களா?" என்று கேட்டபோது அவரும் "இல்லீங்க" என்றுதான் சொன்னார். நிலைப்பாட்டுக் கோட்பாட்டை எதிர்ப்பவர்கள் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். அவரே அப்படிச் சொல்கிறாரே, பிறகு அவருடைய இடத்திலிருந்து என்ன தனி அறிவு வந்துவிட்டது?

கோட்பாட்டின் சார்பில் இதற்கு உள்ள பதில் தெளிவானது, ஆனால் அடிக்கடி விட்டுப்போவது. ஓர் இடத்தில் பிறந்ததாலோ நின்றதாலோ நிலைப்பாடு தானாக வந்துவிடாது. ஹார்ட்சாக் இதை அழுத்திச் சொன்னார். அது போராடிப் பெற வேண்டிய ஒன்று. மாடு எந்த நேரத்தில் எவ்வளவு கறக்கும், எந்தப் புண்ணாக்குக்குப் பால் கூடும், களைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கூலிக்கு ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்றும் தெரியும். ஆனால் வேலை என்றால் காசு கைக்கு வருவது என்ற வரையறையை ஊரும் படிவமும் சேர்ந்து அவர் வாயில் வைத்திருக்கின்றன. அவருக்குத் தெரிந்தது ஒரு பக்கம், அதைச் சொல்லக் கிடைத்த சொல் இன்னொரு பக்கம். இந்த இடைவெளியைத் தனியாக ஒருவர் கடப்பது அபூர்வம். நான்கு பேர் உட்கார்ந்து, உனக்குமா எனக்குமா என்று பேசும்போதுதான் அது திறக்கும்.

அகமதாபாத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. தலைச்சுமைக்காரிகளும் பழைய துணி விற்பவர்களும் வீட்டிலிருந்து தைப்பவர்களும் சேர்ந்து எலா பட் தலைமையில் சேவா அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனார்கள். தொழிலாளர் துறை மறுத்தது. உங்களுக்கு முதலாளி யார்? முதலாளி இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம்? அவர்கள் பல மாதங்கள் விடாமல் வாதாடினார்கள். சங்கம் என்பது தொழிலாளிகள் ஒன்றுசேர்வதற்கு, யாரையாவது எதிர்த்துத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பது அவர்கள் வாதம். 1972-இல் பதிவு கிடைத்தது. தொழிலாளி என்றால் யார் என்ற கேள்வியை ஆலை வாசலில் நின்று பார்த்த சட்டத்துக்கு இவர்கள் தெரியவே இல்லை. தெருவில் சுமை தூக்கியவர்கள் பார்த்தபோது அந்தச் சட்டத்தின் குறை தெரிந்தது. ஆனால் சுமை தூக்கியதால் மட்டும் அது தெரிந்துவிடவில்லை. கூடிப் பேசி, வாதாடி, தோற்று, மறுபடி வாதாடித்தான் தெரிந்தது.

அடுத்த சந்தேகம்: அவரவர் இடத்துக்கு அவரவர் உண்மை என்றால், எது சரி என்று யார் சொல்வது? இந்தக் கோட்பாட்டின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் இதுதான் அதிகம் கேட்பது. நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்த அம்மா வேலை செய்கிறாரா என்பது அவரவர் பார்வையைப் பொறுத்ததல்ல. கடிகாரத்தோடு ஒரு நாள் கூட இருந்தால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பொருளியலாளர் தேவகி ஜெயினின் குழு 1970-களின் நடுவில் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் சில கிராமங்களில் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. என்ன வேலை என்று கேட்பதோடு நிற்காமல், யார் எந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் குறித்தார்கள். வேலையில்லாதவர் என்று வழக்கமான ஆய்வு பதியக்கூடிய பெண்கள் பலர் புல் அறுத்துக்கொண்டும் மாடு மேய்த்துக்கொண்டும் காட்டில் வேலை செய்துகொண்டும் இருந்தார்கள். நிற்கும் இடம் வேறாக இருந்ததால் கேள்வி வேறாக வந்தது. கேள்வி வந்தபின் விடையைச் சோதிக்கும் முறை எல்லோருக்கும் பொதுவானது.

மெய்யியலாளர் சாண்ட்ரா ஹார்டிங் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். ஆய்வு நடுநிலையாக இருக்க வேண்டும் என்பவர்கள் ஆய்வு செய்யப்படுபவரை மட்டும் துருவிப் பார்க்கிறார்கள், ஆய்வு செய்பவர் எந்த இடத்திலிருந்து கேள்வி எழுதினார் என்பதைத் துருவுவதில்லை. அதையும் துருவினால்தான் நடுநிலை முழுமையாகும் என்றார். இதனால் நடுநிலைக்கான அளவுகோல் கடுமையாகிறதே தவிரத் தளரவில்லை.

இப்படிக் கேள்வி கேட்டதற்குப் பலனும் இருந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பற்றிய கேள்வியோடு, குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் செய்யும் வேலையும் சேர்த்துத்தான் என்ற விளக்கம் பெண்கள் அமைப்புகளின் வற்புறுத்தலுக்குப் பிறகு சேர்ந்தது. 2019-இல் முதன்முறையாக நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதில் செலவிட்டது சராசரியாக ஒரு நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும் ஏதாவது ஒரு வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டும்தான் அந்த 97. அன்றைய தினம் வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள் ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 81 சதவீதம்.

இத்தனை நல்ல கருவியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் அந்த இடத்தில் நின்றால்தான் தெரியும். ஆய்வு ஒரு நாளை விடிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை எடுத்து, அரை மணி நேரக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்துக்குள் பத்து நிமிடமாவது நீடித்த வேலைகளைப் பதியலாம், மூன்று வரை. ஒரே நேரத்தில் இரண்டு நடந்தால் எது முக்கியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, மாமியார் குளியலறையில் வழுக்கி விழாமல் காது அங்கேயே இருக்கிறது, பிள்ளை கணக்கில் எங்கே தடுமாறுகிறது என்று கண் இங்கே. பதிவில் முன்னால் நிற்பது சமையல். காதும் கண்ணும் வேலை செய்த நேரம் பெரும்பாலும் எந்தக் கட்டத்திலும் ஏறாது. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எதுவும் செய்யாமல் ஆனால் எங்கும் போக முடியாமல் இருந்த நேரம்தான் அதில் பெரும்பகுதி.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை "பெண்" என்று ஒரே ஆள் மாதிரி பேசிவிட்டேன். நகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டு அம்மா பாத்திரம் தேய்த்து, தரை துடைத்தால் குறியீடு 92. அதே பாத்திரத்தையும் அதே தரையையும் மாதச் சம்பளத்துக்கு வேறொரு பெண் வந்து தேய்த்துத் துடைத்தால் குறியீடு 31. அவரே இரவு தன் வீட்டுக்குப் போய்த் தேய்க்கும்போது அது எந்தக் குறியீட்டிலும் ஏறாது. வீட்டு வேலை வேலைதான் என்று அந்த வீட்டு அம்மா கோஷம் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதை, இவர் ஒவ்வொரு மாதமும் சம்பளம் பேசும்போது தெரிந்துகொண்டே இருக்கிறார். அதற்கு மேலும் சில விஷயங்கள் அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் தனி டம்ளர், எந்த வீட்டில் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது, யார் சமையலறைக்குள் விடுவார்கள், யார் பூஜையறை வாசலோடு நிறுத்துவார்கள் என்று அவருக்கு ஒரு வரைபடமே தெரியும். அந்த வீட்டு அம்மா பெண்ணியவாதியாகவே இருந்தாலும் அந்த வரைபடம் அவருக்குத் தெரியாமலே இருக்கலாம், அதை வரைந்ததில் அவருக்கும் பங்கு இருந்தால்கூட.

அமெரிக்காவில் சமூகவியலாளர் பாட்ரிசியா ஹில் காலின்ஸ் 1986-இல் எழுதியது இதைத்தான். வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள் அந்தக் குடும்பங்களை வேறு யாரும் பார்க்காத நெருக்கத்தில் பார்த்தார்கள், ஆனால் ஒருநாளும் அந்தக் குடும்பத்தில் ஒருவராகவில்லை. உள்ளே இருக்கும் வெளியாள் என்ற அந்த இரட்டை நிலை அவர்களுக்குக் கொடுத்த பார்வை, வெள்ளைப் பெண்களின் பெண்ணியத்துக்கும் கறுப்பின ஆண்களின் அரசியலுக்கும் கிடைக்காதது என்றார்.

இந்தியாவில் இந்தக் கேள்வியைச் சாதியின் பக்கமிருந்து கூர்மையாகக் கேட்டவர் புனேயின் சமூகவியலாளர் ஷர்மிளா ரேகே. தலித் பெண்கள் வேறுமாதிரி பேசுகிறார்கள் என்று அரசியல் அறிஞர் கோபால் குரு 1995-இல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொண்டு, 1998-இல் ரேகே அதற்கு அடுத்த கேள்வியை வைத்தார். எழுபதுகளின் இந்தியப் பெண்கள் இயக்கம் மேல்சாதி, நடுத்தர வர்க்கப் பெண்ணின் அனுபவத்தையே பெண் அனுபவம் என்று எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறோம், வெளியே போய் வேலை செய்யும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கையைத் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கட்டாயத்துக்கு உழைத்த பெண்களிடம் கொண்டுபோனால் அது பாதிதான் பொருந்தும். குறியீடு 92-ஐ எதிர்க்கும் என் வாதத்துக்கும் இது பொருந்தும். என் வாதம் 92 விழுந்தவளிடமிருந்து தொடங்குகிறது. 51 விழுந்தவளிடமிருந்து தொடங்கியிருந்தால் வேறு கேள்விகள் முன்னால் வந்திருக்கும். கூலி யார் கையில் கொடுக்கப்படுகிறது, ஆண் கூலிக்கும் பெண் கூலிக்கும் ஏன் வித்தியாசம், வரப்பில் யாருடைய பார்வைக்குப் பயந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பவை அவை.

இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொருவரும் தனித்தனித் தீவாகிவிட மாட்டார்களா, தலித் பெண்ணைப் பற்றித் தலித் பெண் மட்டும்தான் பேச வேண்டுமா என்று அப்போதே கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். ரேகேவின் பதில் எனக்கு இன்றுவரை தெம்பு தருகிறது. வித்தியாசத்தைப் பெயரிட்டு, இது அவர்கள் விஷயம் என்று ஒதுங்கிக்கொள்வதை அவர் ஏற்கவில்லை. அது மற்றவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது என்றார். தலித் அல்லாத பெண்ணியவாதிகள் தலித் பெண்களாகப் பேச முடியாது, அவர்களுக்குப் பதிலாகவும் பேச முடியாது. ஆனால் அவர்களுடைய வரலாற்றையும் போராட்டத்தையும் எழுத்தையும் படித்து, அங்கிருந்து தங்கள் கேள்விகளைத் திருத்தி எழுதி, தங்களையே மாற்றி அமைத்துக்கொள்ள முடியும். அவர் சொன்னதோடு நிற்கவில்லை. தலித் பெண்களின் தன்வரலாறுகளைச் சமூகவியல் வகுப்பறைக்குள் பாடமாகக் கொண்டுவந்தார், 2006-இல் அவற்றைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 2013-இல் இறக்கும் வரை புனே பல்கலைக்கழகத்தில் சாவித்ரிபாய் பூலே பெயரிலுள்ள மகளிர் ஆய்வு மையத்தில் அந்தப் பாடத்திட்டத்தை வளர்த்துக்கொண்டே இருந்தார்.